ஒரு வாரக் கணக்கு, நான்கு விடைகள்

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி. மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு காப்பிப்பொடிக் கடை. அரைக்கும் இயந்திரம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, வரிசை தெருவரை வந்துவிட்டது. "பீபரி தீர்ந்துபோச்சு மாமி, திங்கட்கிழமை வந்துடும். பிளாண்டேஷன் ஏ போட்டுத் தரட்டுமா?" என்கிறார் கல்லாவில் இருப்பவர். அந்த மாமி பல வருஷமாகப் பீபரிதான் வாங்குகிறார். வேறு கடைக்குப் போகிறார்.

இதைப் பார்க்கிற யாருக்கும் ஒரு கேள்வி வரும். இத்தனை காலமாக இதே சரக்கை விற்பவருக்கு, வாரத்துக்கு எவ்வளவு போகும் என்று தெரியாதா? தெரியும். பெரும்பாலும் கிலோ சுத்தமாகத் தெரியும். முன்னெச்சரிக்கையாகக் கொஞ்சம் கூடுதலாகவும் வைத்திருப்பார். அப்படியிருந்தும் ஏன் தீர்ந்துபோகிறது? அவர் கணக்கு பார்க்காததால் அல்ல என்று வைத்துக்கொள்வோம். கணக்கு பார்த்தும் தீர்ந்துபோக ஒரு குறிப்பிட்ட காரணம் உண்டு. அவருடைய கணக்கு வாரத்தில் இருக்கிறது, அவருடைய கவலை நாள்களில் இருக்கிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் இடத்தில்தான் பிழை நுழைகிறது.

கடையும் அதன் நோட்டும்

விளக்கத்துக்காக ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் நான் வைத்தவை. கணக்கு எளிதாக வரும்படி தேர்ந்தெடுத்திருக்கிறேன். சிக்கல் மட்டும் எல்லாக் கடைகளிலும் இருப்பது.

கடை வாரத்தில் ஏழு நாளும் திறந்திருக்கிறது. பீபரிக் கொட்டை வாரத்துக்குச் சராசரியாக 210 கிலோ போகிறது, அதாவது நாளுக்கு 30 கிலோ. வறுக்கும்போது ஆறில் ஒரு பங்கு போல எடை குறையும் என்பதால், குழப்பம் வராதிருக்க இங்கே எல்லாவற்றையும் பச்சைக் கொட்டைக் கணக்கிலேயே சொல்கிறேன். சரக்கு சிக்மகளூரிலிருந்து வருகிறது. போனில் சொன்னால் மூன்றாம் நாள் இரவு லாரி வந்துவிடும். இந்த மூன்று நாளை வியாபாரத்தில் லீட் டைம் என்பார்கள். நாம் 'வரவுக் காலம்' என்போம்.

வரவுக் காலம் முழுவதும் கடை கையிருப்பை வைத்தே சமாளிக்க வேண்டும். சராசரியாக 90 கிலோ போகும். ஆனால் சராசரியை நம்பி 90 கிலோ மட்டும் வைத்திருந்தால், ஏறக்குறைய பாதித் தடவை லாரி வருவதற்கு முன்பே தீர்ந்துவிடும். அதனால் மேலே கொஞ்சம் வைக்க வேண்டும். சேஃப்டி ஸ்டாக் என்று சொல்லப்படும் அந்தக் கூடுதல் சரக்குக்குக் 'காப்பிருப்பு' என்று பெயர் வைத்துக்கொள்வோம். அது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

கணக்குப்பிள்ளை ஒவ்வொரு ஞாயிறு இரவும் இரண்டு எண்களை எழுதுகிறார்: இந்த வாரம் இவ்வளவு போகும் என்று எதிர்பார்த்தது, உண்மையில் போனது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முன்கணிப்புப் பிழை. அரை வருஷப் பிழைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி, சராசரி பார்த்து, வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது பத்தாம் வகுப்பில் படித்த திட்ட விலக்கம். வர்க்கமூலம் எடுப்பதற்கு முன்னால் இருக்கும் எண் விலக்க வர்க்கச் சராசரி. நீளமான பெயர் என்பதால் இனி 'வர்க்கச் சராசரி' என்றே சொல்கிறேன். நம் கடையில் வாரப் பிழையின் திட்ட விலக்கம் 42 கிலோ, வர்க்கச் சராசரி 1764.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அளப்பது விற்பனையின் ஏற்ற இறக்கத்தை அல்ல, கணிப்பு தவறிய அளவை. மார்கழியில் சபாக்கள் களைகட்டும்போது கடைக்காரர் 280 கிலோ எதிர்பார்த்து 285 விற்றால், பிழை 5 கிலோதான். வழக்கமான 210-ஐவிட 75 கூடியது பற்றிக் கவலையில்லை, அது முன்கூட்டியே தெரிந்த விஷயம். காப்பிருப்பு தெரியாததற்காக மட்டும்.

நூறு முறை சரக்குக்குச் சொன்னால் ஏறக்குறைய 98 முறை தீராமல் இருக்க வேண்டும் என்பது கடைக்காரரின் விருப்பம். பிழைகள் வழக்கமான மணி வடிவத்தில் பரவியிருந்தால், திட்ட விலக்கத்தைப் போல இரண்டு மடங்கு வைத்தால் இது கிடைக்கும். ஆக, மூன்று நாள் பிழையின் திட்ட விலக்கம் தெரிந்தால் போதும், இரண்டால் பெருக்கிவிடலாம். ஆனால் நோட்டில் இருப்பது ஏழு நாள் திட்ட விலக்கம்.

நான்கு பேர் கணக்குப் போட்டால்

இதே நோட்டை நான்கு பேரிடம் கொடுத்தால் நான்கு விடை வரும். நால்வருமே நியாயமாகத்தான் யோசிப்பார்கள்.

முதலாமவர், நோட்டில் 42 என்று இருக்கிறது, அப்படியே இரண்டால் பெருக்கினால் 84 கிலோ என்பார். வரவுக் காலம் வாரம் அல்ல, மூன்று நாள் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. இரண்டாமவர் அதைச் சேர்க்கிறார். ஏழு நாளுக்கு 42 என்றால் மூன்று நாளுக்கு 18, இரண்டு மடங்கு 36 கிலோ. சராசரியை 210-லிருந்து 90 ஆக்கியது இதே வகுத்தலால்தான் என்பதால் இது மிக இயல்பாகத் தோன்றும். மூன்றாமவர் எங்கோ 'நாள்களின் வர்க்கமூலத்தால் பெருக்கு' என்று படித்திருக்கிறார். மூன்றின் வர்க்கமூலம் 1.73, அதை 42-ஆல் பெருக்கி, இரண்டு மடங்காக்கி, 145 கிலோ என்கிறார். நான்காமவர் 55 கிலோ என்கிறார்.

36 கிலோவுக்கும் 145 கிலோவுக்கும் இடையே நான்கு மடங்கு தூரம். ஒன்று ஒரு மூட்டைக்கும் குறைவு, மற்றொன்று மூன்று மூட்டை. மாட வீதியில் கடையின் பின்கட்டு எவ்வளவு பெரிது என்று பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியும்.

மூன்றாமவரின் பிழையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அவர் படித்த விதி சரி, ஆனால் அது ஒரு நாள் திட்ட விலக்கத்துக்கானது. வாரத்துக்கான 42-ஐ நாளுக்கானது போலப் பயன்படுத்திவிட்டார். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மூன்று நாளுக்கான காப்பிருப்பு, அதே உறுதிக்கு ஒரு வாரத்துக்குத் தேவையான காப்பிருப்பைவிட அதிகமாக வந்தால், எங்கோ அலகு மாறியிருக்கிறது. வாரத்துக்கு 84 போதும் என்றால் அதற்குள் அடங்கிய மூன்று நாளுக்கு 145 கேட்க வழியில்லை. கணினியில் எக்செல் தாளோ சரக்கு மென்பொருளோ வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களில்கூட இந்தப் பிழை வரும். ஒரு கட்டத்தில் கால அளவு 'நாள்' என்றும் அடுத்த கட்டத்தில் 'வாரம்' என்றும் இருக்கும், எண் மட்டும்தான் கண்ணில் படும்.

நாற்பதும் அறுபதும் எண்பதும்

இனி இரண்டாமவருக்கும் நான்காமவருக்கும் இடையிலான வழக்கு. இதைத் தீர்க்கச் சிறிய உலகம் ஒன்று போதும்.

ஒரு கடையில் ஒரு நாளுக்கு 20 கிலோ போகும் அல்லது 40 கிலோ போகும். இரண்டுக்கும் சம வாய்ப்பு. சராசரி 30. ஒவ்வொரு நாளும் கணிப்பு பத்து கிலோ தவறுகிறது, மேலாகவோ கீழாகவோ. எனவே ஒரு நாளின் திட்ட விலக்கம் 10, வர்க்கச் சராசரி 100.

இப்போது இரண்டு நாளைச் சேர்த்துப் பாருங்கள். நான்கு விதமாக நடக்கலாம். இரண்டு நாளும் மந்தம், மொத்தம் 40. முதல் நாள் மந்தம், மறுநாள் கூட்டம், மொத்தம் 60. முதல் நாள் கூட்டம், மறுநாள் மந்தம், அதுவும் 60. இரண்டு நாளும் கூட்டம், 80. எதிர்பார்த்தது 60. நான்கில் இரண்டு தடவை பிழை 20, மற்ற இரண்டு தடவை பிழையே இல்லை. ஒரு நாளின் தவறை மறுநாளின் தவறு அழித்துவிட்டது.

பிழைகளை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்தால் 400, 0, 0, 400, சராசரி 200. ஒரு நாளுக்கு 100 இருந்தது இரண்டு நாளுக்கு 200 ஆகியிருக்கிறது. வர்க்கச் சராசரி நாள்களோடு நேராகக் கூடுகிறது. திட்ட விலக்கமோ 10-லிருந்து 20 ஆகவில்லை, 14-தான் ஆயிற்று. ஏழு நாள் சேர்த்தால் வர்க்கச் சராசரி 700, திட்ட விலக்கம் இருபத்தாறரை. எழுபது அல்ல. எழுபது கிலோ தவற வேண்டுமானால் ஏழு நாளும் ஒரே திசையில் தவற வேண்டும். அதற்கு 64-ல் ஒரு வாய்ப்புதான்.

இது பழைய கண்டுபிடிப்பு. நாணயச் சுண்டல்களின் சிதறல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு வளர்கிறது என்பதை 1733-ல் லண்டனில் தெ முவாவ்ர் காட்டினார். தொடர்பில்லாத அளவுகளைக் கூட்டினால் வர்க்கச் சராசரிகள் கூடும் என்ற பொது விதியைப் பிரெஞ்சுக்காரர் பியனமே 1853-ல் எழுதிவைத்தார். இந்தச் சிந்தனை கிடங்குக் கணக்குக்குள் முறையாக நுழைந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்காகக் கணக்குப் பார்த்த ராபர்ட் பிரவுன், சரக்கு இருப்புக்கான முன்கணிப்பைப் பற்றி 1959-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் பிறகு முன்கணிப்புப் பிழையிலிருந்து காப்பிருப்பைக் கணக்கிடும் பழக்கம் பரவியது.

வர்க்கத்தில் வகுத்து, வர்க்கமூலத்தில் திரும்புதல்

நம் கடைக்கு வருவோம். வாரத்தின் வர்க்கச் சராசரி 1764. அதை ஏழால் வகுக்கலாம், ஏனென்றால் நேராகக் கூடுவது அதுதான். நாளுக்கு 252. மூன்று நாளுக்கு 756. இப்போது வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 27.5 கிலோ. இரண்டு மடங்கு 55. நான்காமவர் செய்தது இதைத்தான்.

இரண்டாமவரின் 36 கிலோவை வைத்துக் கடை நடத்தினால் என்ன ஆகும்? 36 என்பது 27.5-ஐப் போல 1.3 மடங்கு. மணி வடிவப் பரவலில் அதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு முறைதான் பாதுகாப்பு. இரண்டு முறை தீரும் என்று நினைத்திருந்தார், ஒன்பது பத்து முறை தீர்ந்துபோகிறது. கணக்கு நோட்டில் எங்கும் தவறு தெரியாது. வாரக் கணிப்பு நன்றாகவே இருக்கும். கடைக்காரர் கணிப்பைச் சந்தேகிப்பார், பையனைத் திட்டுவார், சிக்மகளூர்க்காரரிடம் சண்டை போடுவார். தவறு ஒரு வகுத்தலில் இருக்கும்.

வரவுக் காலம் வாரத்தைவிட நீளமானால் இதே வகுத்தல் எதிர்த்திசையில் தவறும். எழும்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கப்பட்டது. மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக அரசு மருத்துவமனைகளுக்குக் கொடுக்கிறது. அங்கே மருந்து கிடங்குக்கு வந்துசேர்ந்தால் மட்டும் போதாது, மாதிரிகள் ஆய்வகத்தில் தேறிய பிறகே வெளியே போகும். அந்தக் காத்திருப்பும் வரவுக் காலத்தில் சேர்த்தி. இப்படிப்பட்ட ஓர் இடத்தில் ஒரு மாத்திரைக்கு வாரப் பிழை 10,000 என்றும் வரவுக் காலம் ஒன்பது வாரம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நேராகப் பெருக்கினால் 90,000. வர்க்கமூலத்தில் போனால் 30,000. முதல் வழியில் போகிறவர் மூன்று மடங்கு மாத்திரையை வைத்துக்கொண்டு அதன் காலாவதித் தேதியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். கணிப்பு எப்போதும் ஒரே பக்கம் தவறினால், அது சிதறல் அல்ல, சாய்வு. வாரத்துக்கு 21 கிலோ குறைத்தே கணிப்பவர், மூன்று நாளுக்கு 9 கிலோ குறைத்துக் கணிக்கிறார். சாய்வுக்கு மேலும் கீழும் அழித்துக்கொள்ளும் குணம் கிடையாது, அதற்கு நேர் வகுத்தல்தான் சரி. அதைக் காப்பிருப்பால் மூடுவதைவிடக் கணிப்பில் திருத்துவதே முறை. பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் நாளுக்குக் கூட்டம் வரும் என்று தெரிந்தும் வழக்கமான 210-ஐ எழுதிவைத்தால், அந்தக் குறை சாய்வுக் கணக்கில் சேரும்.

செவ்வாயும் சனியும் ஒன்றல்ல

55 கிலோ சரியான விடையா? ஏழால் வகுத்தபோது ஒன்றைச் சத்தமில்லாமல் ஒப்புக்கொண்டோம்: ஏழு நாளும் ஒன்றுபோலத் தவறும் என்று. மயிலாப்பூரில் எந்தக் கடைக்காரரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். தி. நகரில் ரங்கநாதன் தெருக்காரர்கள் சிரிப்பார்கள்.

கணக்குப்பிள்ளை சில மாதம் நாள்வாரியாகவும் எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 24 கிலோ, சனியும் ஞாயிறும் 45 கிலோ. கூட்டினால் அதே 210. பிழையும் அப்படியே. வார நாள்களில் திட்ட விலக்கம் 12, வர்க்கச் சராசரி 144. சனி ஞாயிறில் வர்க்கச் சராசரி 522, திட்ட விலக்கம் ஏறக்குறைய 23. ஐந்து 144-ம் இரண்டு 522-ம் சேர்ந்தால் 1764. வார நோட்டில் எந்த மாற்றமும் இல்லை.

இப்போது ஞாயிறு இரவு சரக்குக்குச் சொன்னால், தாண்ட வேண்டிய மூன்று நாள் திங்கள், செவ்வாய், புதன். வர்க்கச் சராசரி 432, வர்க்கமூலம் 20.8, காப்பிருப்பு 42 கிலோ. வியாழன் இரவு சொன்னால் வெள்ளி, சனி, ஞாயிறு. 144-உம் 522-உம் 522-உம் சேர்ந்து 1188, வர்க்கமூலம் 34.5, காப்பிருப்பு 69 கிலோ.

சராசரித் தேவையையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. திங்கள் காலை கையில் இருக்க வேண்டியது 72-உம் 42-உம், அதாவது 114 கிலோ. வெள்ளி காலை இருக்க வேண்டியது 114-உம் 69-உம், அதாவது 183 கிலோ. எல்லா நாளையும் சமமாக்கிய கணக்கு இரண்டு இடத்திலும் 145 என்று சொல்லும். அந்தக் கணக்கை நம்பியவர் வாரத் தொடக்கத்தில் 31 கிலோ வீணாக வைத்திருப்பார், வாரக் கடைசியில் 38 கிலோ குறைவாக வைத்திருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் பீபரி தீர்ந்துபோனது இப்படித்தான்.

நாள்வாரிக் கணக்குக்குப் போகிறவர்கள் விழக்கூடிய குழி ஒன்று இங்கே இருக்கிறது. தினசரி விற்பனையை அப்படியே எடுத்து, 30 என்ற சராசரியிலிருந்து திட்ட விலக்கம் பார்ப்பார்கள். அப்போது சனிக்கிழமை 45 போனது 15 கிலோ 'பிழை' என்று பதிவாகும். அது பிழையே அல்ல, சனிக்கிழமை என்றால் 45 என்று எல்லோருக்கும் தெரியும். நம் எண்களில் இப்படிச் செய்தால் நாளின் வர்க்கச் சராசரி 252-லிருந்து 342 ஆகிவிடும், காப்பிருப்பு 55-லிருந்து 64 ஆகும். கூடுதல் ஒன்பது கிலோ காலண்டரைப் பார்க்காததற்காக. ஒவ்வொரு நாளையும் அந்தந்தக் கிழமைக்கான எதிர்பார்ப்போடுதான் ஒப்பிட வேண்டும்.

ஞாயிறு விடுமுறை விடும் கடைக்கு வாரம் ஆறு நாள். வகுக்க வேண்டியது ஆறால். வரவுக் காலத்திலும் கடை திறந்திருக்கும் நாள்களை மட்டுமே எண்ண வேண்டும். சிறிய விஷயம்தான், ஆனால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

நாள்கள் ஒன்றையொன்று அறியுமா?

வர்க்கச் சராசரிகள் நேராகக் கூட ஒரு நிபந்தனை உண்டு. ஒரு நாளின் பிழைக்கும் மறுநாளின் பிழைக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. நாற்பது, அறுபது, எண்பது கணக்கில் நான்கு வழிகளுக்கும் சம வாய்ப்பு தந்தோமே, அதுதான் இந்த நிபந்தனை.

உண்மையில் நாள்களுக்குள் உறவு உண்டு. அது இரண்டு வகை. வெள்ளி சாயங்காலம் பெரிய மழை. அடையாறிலிருந்து வழக்கமாக வருபவர் வெளியே வரவில்லை, வீட்டில் இருந்த பொடியை வைத்துச் சமாளித்தார். ஞாயிறு காலை வந்து வாங்கிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை குறைந்தது, ஞாயிறு கூடியது. வார நோட்டில் இதற்கு எந்தத் தடயமும் இல்லை, மொத்தம் ஒன்றே. ஆனால் வெள்ளி இரவு சரக்குக்குச் சொல்லிவிட்டு மூன்று நாளைத் தாண்ட வேண்டிய கடைக்கு அந்த ஞாயிறு வலித்திருக்கும். வாரத் தொகுப்பு இப்படிப்பட்ட இடம்பெயர்வுகளை விழுங்கிவிடுகிறது. அதிலிருந்து வர்க்கமூலத்தால் இறங்கி வந்தால் கிடைக்கும் 55 கிலோ குறைவாக இருக்கும்.

இன்னொரு வகை இதற்கு நேர் எதிர். ஒரு வாரம் முழுவதும் வீடுகளில் விருந்தினர். திங்களன்று எதிர்பார்ப்பைவிடக் கூடினால் செவ்வாயும் கூடும், புதனும் கூடும். நாள்கள் சேர்ந்து ஏறுகின்றன, சேர்ந்து இறங்குகின்றன. இங்கே வாரத் திட்ட விலக்கம் பெரிதாக இருப்பதற்குக் காரணம் பிழைகள் அழித்துக்கொள்ளாமல் குவிவது. மூன்று நாளில் குவிய அவ்வளவு நேரம் இல்லை. எனவே 55 கிலோ அதிகமாக இருக்கும். நாள்கள் முழுக்க முழுக்க ஒன்றாகவே நகர்ந்தால், இரண்டாமவரின் நேர் வகுத்தல் சரியாகி 36 கிலோவே போதும். அவர் முட்டாள்தனமாக எதையும் செய்யவில்லை. ஏழு நாளும் கைகோத்து நடக்கும் உலகத்துக்கு விடை எழுதினார். அப்படிப்பட்ட உலகம் அபூர்வம்.

எந்த உலகத்தில் இருக்கிறோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாள்வாரி நோட்டிலிருந்து ஏழு நாளின் வர்க்கச் சராசரிகளையும் கூட்டுங்கள். வார நோட்டின் 1764-ஓடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமானால் நாள்களுக்குள் பெரிய உறவு இல்லை. கூட்டுத்தொகை சிறியதானால் நாள்கள் சேர்ந்து நகர்கின்றன. பெரியதானால் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன. கிழமை வித்தியாசத்தை ஒதுக்கிவிட்டு, எல்லா நாள் ஜோடிகளுக்கும் உறவு ஒரே அளவு என்று வைத்தால், கூட்டுத்தொகை 1050 ஆக இருக்கும் கடைக்குத் தேவை 47 கிலோ. 2520 ஆக இருக்கும் கடைக்கு 62 கிலோ. இரண்டு கடையின் வார நோட்டிலும் அதே 42 எழுதியிருக்கும்.

நாள்வாரிக் கணக்கு கையில் இருந்தால் இந்த மாற்றமெல்லாம் இல்லாமலே நேரடியாக அளக்கலாம். ஒவ்வொரு வெள்ளி-சனி-ஞாயிறுக்கும் எதிர்பார்த்த மூன்று நாள் மொத்தத்தையும் உண்மையில் போன மொத்தத்தையும் எழுதி, அந்தப் பிழைகளுக்குத் திட்ட விலக்கம் பார்த்தால் போதும். கிழமை வித்தியாசமும் நாள்களின் உறவும் தாமாகவே அதற்குள் வந்துவிடும். நான் இந்த வழியையே விரும்புகிறேன். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. அரை வருஷத்தில் 26 வாரக் கடைசிகள்தான். 26 அளவீடுகளிலிருந்து வரும் திட்ட விலக்கமே ஏழில் ஒரு பங்கு முன்பின்னாக இருக்கக்கூடும். 69 கிலோ என்று வந்தது உண்மையில் 59 ஆகவும் இருக்கலாம், 79 ஆகவும் இருக்கலாம். எனவே 68-ஆ 70-ஆ என்று சண்டை போடுவதில் பயனில்லை. 36-ஆ 69-ஆ என்பது சண்டை போட வேண்டிய விஷயம்.

லாரி சொன்ன நாளில் வராதபோது

இதுவரை மூன்று நாள் என்றால் மூன்றே நாள் என்று வைத்துக்கொண்டோம். சிக்மகளூரிலிருந்து பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் என்று வரும் லாரி சில நேரம் இரண்டு நாளில் வரும், சில நேரம் ஐந்து நாளாகும். வரவுக் காலத்துக்கே ஒரு திட்ட விலக்கம் உண்டு. அது ஒரு நாள் என்று வைப்போம். ஒரு நாள் தாமதம் என்றால் 30 கிலோ கூடுதலாகத் தேவை. எனவே லாரியால் வரும் வர்க்கச் சராசரி முப்பதின் வர்க்கம், 900. விற்பனைப் பிழையின் 756-ஐச் சேர்த்தால் 1656, வர்க்கமூலம் ஏறக்குறைய 40.7, காப்பிருப்பு 81 கிலோ.

இங்கே மறுபடியும் வாரமும் நாளும் மோதும். தாமதம் நாளில் அளக்கப்பட்டிருக்க, தேவையை வார நோட்டிலிருந்து 210 என்று எடுத்துப் போட்டுவிட்டால் காப்பிருப்பு 420 கிலோவுக்கு மேல் போகும். இரண்டு வாரச் சரக்கு! மூன்று நாளில் வரும் சரக்குக்கு இரண்டு வார விற்பனையைக் காப்பாக வை என்று ஒரு கணக்கு சொன்னால், முதலில் அலகுகளைப் பார்க்க வேண்டும்.

அலகைச் சரியாக வைத்த பிறகு ஒரு பயனுள்ள விஷயம் தெரிகிறது. மொத்தச் சிதறலில் பாதிக்கு மேல் லாரியிடம் இருக்கிறது. தாமதத்தின் திட்ட விலக்கத்தை ஒரு நாளிலிருந்து அரை நாளாக்கினால் 900 என்பது 225 ஆகிவிடும், காப்பிருப்பு 81-லிருந்து 63-க்கு இறங்கும். லாரியைத் தொடாமல் அதே 63-ஐ முன்கணிப்பால் மட்டும் அடைய வேண்டுமானால், கணிப்புப் பிழையை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். காப்பிக் கடையில் அது நடக்காது. குறிப்பிட்ட நாளில் கிளம்பும் லாரிக்குப் பேசி முடிப்பது நடக்கும்.

சரக்குக்குச் சொல்லும் பழக்கமும் இந்தக் கணக்கில் சேரும். தினமும் இருப்பைப் பார்த்துத் தேவைப்பட்டால் உடனே சொல்பவருக்கு, தாண்ட வேண்டியது மூன்று நாள். திங்கட்கிழமை மட்டுமே சொல்பவர், இந்தத் திங்கள் விட்டால் அடுத்த திங்கள்தான் சொல்ல முடியும், அதன் பிறகும் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அவர் தாண்ட வேண்டியது பத்து நாள். அவருக்குக் காப்பிருப்பு, லாரி சரியாக வந்தாலும், 100 கிலோ. கணக்கில் மூன்று நாளைப் போட்டுவிட்டு வாரத்துக்கு ஒருமுறை சரக்குக்குச் சொல்லும் கடைகளில் பற்றாக்குறை வந்துகொண்டே இருக்கும்.

கடைசியாக, இந்த எண்கள் எவற்றை மூடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கியபோது பால் பாக்கெட்டுக்கு மக்கள் அலைந்தார்கள். வேளச்சேரி பக்கம் பல தெருக்களில் தண்ணீர் வடியவே நாளாயிற்று. அப்படிப்பட்ட நாளில் லாரி நின்றுவிடும், அதே நேரத்தில் வீடுகள் வழக்கத்தைவிட அதிகமாக வாங்கிவைக்கும். விற்பனைப் பிழையும் தாமதமும் தொடர்பில்லாதவை என்றுதான் 756-ஐயும் 900-ஐயும் கூட்டினோம். புயல் நாளில் இரண்டும் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் ஏறுகின்றன. அரை வருஷ நோட்டில் அந்த நாள் இருந்திருக்காது. இருந்திருந்தால் அந்த ஒரே நாள் திட்ட விலக்கத்தை ஊதிப் பெருக்கி, வருஷம் முழுவதும் தேவையில்லாத மூட்டைகளை வாங்க வைத்திருக்கும். ஆகவே அந்த நாளைக் கணக்கிலிருந்து எடுத்துத் தனியே வைப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் ஒரு மூட்டை கூடுதலாக வாங்கி, பொங்கலுக்குள் விற்றுத் தீர்ப்பது என்று கடைக்காரர் முடிவெடுக்கலாம். பச்சைக் கொட்டை ஈரம் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும் என்பதால், அதற்கு அவர் இழப்பது அந்த மூன்று மாதத்துக்கான பணத்தின் வட்டியும் பின்கட்டில் ஒரு மூட்டை இடமும்தான்.